வயிற்றுக்குக் கீழே இருக்கிற காயத்தை யார் பார்க்கிறது?

அக்காவுக்கு சிசேரியன் முடிந்து மூன்றாம் நாள் துண்டு வெட்டினார்கள். கையில் தந்த டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருந்தது. மிஸி நடந்துகொண்டே வாயால் சொன்னது நான்கு வசனம். "காயத்தைத் துப்புரவா வச்சிருங்கோ. ஈரம் இல்லாமப் பாத்துக்கொள்ளுங்கோ. பாரம் தூக்க வேண்டாம். காய்ச்சல், சீழ் எண்டா உடன வாங்கோ." அவ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த நான்கு வசனத்துக்குள்ளும் எவ்வளவு வேலை மடிச்சு வைக்கப்பட்டிருக்குது எண்டு விளங்கியது. அத்தான் வெளிநாட்டில். கம்பசில் படிப்பு விடுமுறை என்பதால் சகோதரிகள் நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் நின்றோம். எனவே அந்த வேலை எங்களிடம் வந்தது.

முதலில் காயம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலான சிசேரியனில் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு சாண் அளவுக்கு உள்ளே நிற்கிற நீளத்தில் வெட்டுகிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு வயிறு தளர்ந்து மடிந்து அந்த இடத்தின் மேல் விழுகிறது. நிற்கும்போதும் சரி, இருக்கும்போதும் சரி, குனிந்து பார்த்தால் மடிப்புத்தான் தெரியும், தையல் தெரியாது. தன் உடம்பில் இருக்கிற காயத்தை அக்காவாலேயே பார்க்க முடியாது. வெட்டைச் சுற்றியிருக்கிற தோலும் பல மாதத்துக்கு மரத்துப்போய் இருக்கும், அது வழமையானது. கண்ணுக்கும் தெரியாமல், தொட்டாலும் சரியாக உணராமல் இருக்கிற காயத்தை வேறொரு ஆள்தான் ஒவ்வொரு நாளும் பார்க்க வேணும்.

இங்கேதான் வெட்கம் குறுக்கே வருகிறது. மாமியிடம் காட்ட அக்காவுக்கு விருப்பமில்லை. அம்மாவிடம் "எல்லாம் சுகமா இருக்கு" என்று சொல்லிவிடுவா. கடைசியில் நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்தோம். காலையில் குளித்த பிறகு, கதவைப் பூட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் அவவைப் படுக்க வைத்து, கை கழுவிய பிறகு ஒருத்தி மடிப்பை மெதுவாக உயர்த்திப் பிடிப்பாள், மற்றவள் பார்ப்பாள். ஒரு நிமிட வேலை. யாரும் இல்லாத வீட்டில் ஒரு கைக்கண்ணாடியோ, போனில் எடுக்கிற படமோ இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது, "ஈரம் இல்லாமல்" என்ற சொல். வீட்டில் ஆளுக்கொரு விதமாக இதை விளங்கிக்கொண்டார்கள். அம்மா குளிக்கவே கூடாது என்றா. அம்மம்மா வேது வைக்காமல் எப்படி என்றா. உண்மையில் தோலின் இரண்டு ஓரமும் ஏறக்குறைய இரண்டு நாளில் ஒட்டிக்கொள்கின்றன. மேலே ஒட்டிய துணியை எடுக்கச் சொன்ன பிறகு குளிக்கலாம், குளிக்கவும் வேணும். தண்ணீர் காயத்தின் மேல் வழிந்து ஓடுவதில் பயமில்லை. தண்ணீருக்குள் ஊறுவதுதான் கூடாது. தேய்க்காமல் தண்ணீரை ஓட விட்டு, பிறகு காயத்துக்கென்று தனியாக வைத்த சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேணும். இதில் முக்கியமான பகுதி அந்தக் கடைசிப் படிதான். மடிப்புக்குள் ஈரம் தங்கினால், எங்களுடைய வெக்கையில் அரை மணித்தியாலத்தில் வியர்வையும் அதோடு சேரும். நாங்கள் அக்காவைப் பத்து நிமிடம் ஃபானுக்குக் கீழே படுக்க விட்டு, மடிப்பைத் திறந்து காய வைத்தோம். பிறகு இடுப்புக்கு மேலே வருகிற பருத்தி உள்ளாடை. இலாஸ்டிக் சரியாகத் தையலில் உரஞ்சுகிற குட்டையான உள்ளாடைகளை எடுத்து ஒதுக்கினோம்.

வேதுக்கு வருவோம். நொச்சியும் வேப்பிலையும் அவித்த சுடுதண்ணீரை அடிவயிற்றில் அடித்து ஊற்றினால்தான் உள்ளே நிற்கிற இரத்தம் வெளியேறும் என்பது அம்மம்மாவின் கணக்கு. ஐந்து பிள்ளையையும் வீட்டில் பெற்றவ, வயிற்றில் வெட்டு இல்லாத உடம்புகளுக்குத் தண்ணீர் வார்த்தவ. இங்கே வேறு நிலைமை. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, பொத்தளம் போட்ட பிறகுதான் விளங்கும். அதோடு அடித்து ஊற்றுகிற தண்ணீரின் விசை காயத்தில்தான் விழும். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அக்காவிடம் இதைக் கேட்டோம். அவ அம்மம்மாவை மறுக்கவில்லை.

"அம்மா, நாரிக்கும் தோளுக்கும் காலுக்கும் இளஞ்சூட்டில வாருங்கோ, அவக்கு நோவுக்குச் சுகமா இருக்கும். வயித்துப் பக்கம் மட்டும் வேண்டாம். மஞ்சள், எண்ணெய், பவுடர் ஒண்டும் காயத்தில போடாதேங்கோ."

அம்மம்மா முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டா. சீலையால் வயிறு கட்டுவதைப் பற்றியும் அப்போதே கேட்டோம். தளர்வாக, நடக்கும்போது மட்டும் கட்டினால் பரவாயில்லை, காயத்தின் மேல் வியர்வையை மூடி வைக்கிற அளவுக்கு இறுக்கி, இரவு பகலாகக் கட்டக் கூடாது என்றா.

பாரம் தூக்காததற்குக் காரணம் தோல் இல்லை. தோல் ஒன்றிரண்டு கிழமையில் மூடிவிடும். அதற்குக் கீழே, வயிற்றுத் தசையை மூடியிருக்கிற ஒரு தடித்த உறையையும் வெட்டித் தைத்திருக்கிறார்கள். அது பலம் பெற ஆறு கிழமையாவது வேணும். எனவே வெளியே வடிவாக ஆறியிருக்கிறதே என்று நம்பக் கூடாது. அளவு இலகுவானது: பிள்ளையின் பாரத்தை விடக் கூடியது எதுவும் இல்லை. கிணற்று வாளி நிறையத் தண்ணீர் ஏறக்குறைய பத்துக் கிலோ, பிள்ளையோ மூன்று கிலோ. கட்டிலில் இருந்து எழும்பும்போது நேராக நிமிராமல், பக்கமாகத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்ப வேணும். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடிக்க வேணும். ஆனால் படுத்தே கிடப்பதும் கூடாது. நடக்காவிட்டால் காலில் இரத்தம் உறையலாம். நடக்கிறதுக்காகத்தான் நோவுக்குளிசை. அக்காவுக்குத் தந்தது பரசிற்றமோல், ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை. பால் கொடுக்கிறவர்களும் போடலாம்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் ஆறாம் நாள் காயம் மாறியது.

அதுவரை நோவு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்து வந்தது. ஆறாம் நாள் பின்னேரம் அக்கா, "வலப்பக்கம் திரும்பவும் இழுக்குது" என்றா. பார்த்தால், தையலின் வலது முனையில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு. தொட்டால் மற்ற இடத்தை விடச் சூடு, கொஞ்சம் கட்டி. தையலோடு ஒட்டின மெல்லிய சிவப்புக் கோடும், கடியும், ஒரு சொட்டு வெளிறின நீரும் ஆறுகிற காயத்தில் வரக்கூடியவை. இது அப்படித்தானா, வேறா? எங்களில் ஒருத்தி பேனையால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டாள், பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள். அடுத்த குளிசை போட முதல் காய்ச்சல் பார்த்தோம், பரசிற்றமோல் காய்ச்சலையும் மறைத்துவிடும் என்பதால். அப்போது காய்ச்சல் இல்லை. விடிய சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு போயிருந்தது. காய்ச்சல் 100.8 பரனைட். 100.4, அதாவது 38 பாகை செல்சியஸ் வந்தாலே போக வேணும். போனோம்.

டொக்டர் அந்த முனையை அழுத்தினதும் சீழ் வந்தது. தோலை இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்குத் திறந்து, சேலைனால் கழுவி, பரிசோதனைக்குக் கொஞ்சம் எடுத்து, உள்ளே கோஸ் துணி வைத்தார். திரும்பத் தைக்கவில்லை. மேலே மூடினால் சீழ் உள்ளே அடைபடும், அடியில் இருந்து மேலாக அது தானே நிரம்பி வர வேணும் என்று விளக்கினார். பால் கொடுக்கும்போது போடக்கூடிய அன்ரிபயோட்டிக் தந்தார். ஒவ்வொரு நாளும் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினோம். ஏறக்குறைய மூன்று கிழமையில் மூடியது. இப்போது அந்த முனையில் தழும்பு கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

வீட்டில் மாமி, "பத்தியம் பிழைச்சிட்டுது" என்றா. அக்கா அழுதா. டொக்டர் சொன்னது வேறு: எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்குக் கிருமி பிடிக்கும், கர்ப்ப காலத்தில் சீனி இருந்தவர்களுக்கு அது இன்னும் கூட. அக்காவுக்குச் சீனி இருந்தது. இப்படியான கிருமித்தொற்று பெரும்பாலும் நாலாம் நாளுக்குப் பிறகுதான் வெளியே தெரியும். அதாவது துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு. ஆஸ்பத்திரி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத காயத்தை வீடு கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முதல் பத்து நாளுக்குள் மிட்வைஃப் வீட்டுக்கு வருவது இதற்கும் சேர்த்துத்தான். அவ வரும்போது தேத்தண்ணி கொடுத்து, பிள்ளையை மட்டும் காட்டி அனுப்பாமல், காயத்தையும் காட்ட வேணும்.

காலை வரை காத்திருக்கக் கூடாத சிலதும் உண்டு. காயம் திடீரென விரிந்து நீர் பாய்வது, ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் முழுக்க நனைகிற இரத்தம், மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது. காயம் விரிந்தால் சுத்தமான துணியை நனைத்து மேலே மூடி, அவவைப் படுக்க விட்டு, 1990க்கு அடிக்க வேணும். தையல் வடிவாக இருந்தும், காய்ச்சலோடு அடிவயிறு நொந்து, தீட்டு நாறினால் அது கருப்பைக்குள் கிருமி. அதற்கும் அன்றே போக வேணும்.

உங்கள் வீட்டிலும் ஒரு அக்காவோ, மச்சாளோ துண்டு வெட்டி வரலாம். வார்ட்டை விட்டு இறங்க முதல் மூன்று கேள்வி கேளுங்கோ. தையல் தானாகக் கரையுமா, இல்லாவிட்டால் எத்தனையாம் நாள் வெட்ட வேணும்? துணியை எப்போது எடுக்கிறது? இரவில் ஏதும் எண்டால் எந்த வார்ட்டுக்கு வாறது? பதிலைத் தமிழில் எழுதி, டயக்னோசிஸ் காட்டோடு பின் பண்ணி வையுங்கோ. நாலாவது கேள்வியை வீட்டில் கேட்க வேணும். அவவின் காயத்தை நாளைக்கு யார் பார்க்கிறது?