வழி தவறி வந்த மடல்

பிறருக்குரிய செய்தி நம் கைக்கு வந்து சேர்ந்தால் அது அமானிதம். மின்னஞ்சலில் இது எளிதில் நேர்கிறது. அனுப்புபவர் முதல் சில எழுத்துகளைத் தட்டியதுமே முழு முகவரியும் தானாக வந்து நிற்கும். பெயர் ஒத்திருந்தால், தவறு அவர் கண்ணில் படுவதில்லை. அனுப்பியதைத் தடுத்து நிறுத்த ஜிமெயில் தரும் அவகாசம் அதிகபட்சம் 30 வினாடிகளே. அதன்பின் பெற்றவர் சொன்னால்தான் உண்டு.

சென்ற ஆண்டு, எங்கள் குடும்ப முகவரிக்கு ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அறிக்கை ஒன்று வந்தது. தலைப்பிலேயே ஒரு பெண்ணின் பெயர். எங்கள் மஹல்லாவில் நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டுப் பெண்ணின் பெயரும் அதுவே. இணைப்பை நாங்கள் திறக்கவில்லை.

முதலில், மடல் உண்மையானதா என்று பார்த்தோம். அனுப்பிய முகவரி அந்நிலையத்தின் இணையதளத்தில் உள்ளதோடு ஒத்திருந்தது; பணமோ கடவுச்சொல்லோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது மோசடியாக இருக்கலாம். அதற்குப் பதில் எழுதாமல் விடுவதே சரி.

'அனைவருக்கும் பதில்' என்பதைத் தவிர்த்து, அனுப்பியவருக்கு மட்டும் பதில் எழுதினோம். பதிலில் இணைப்பு திரும்பிச் செல்லாது. ஆனால் மூல மடலின் வாசகம் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும், தலைப்பிலிருந்த பெயரையும் நீக்கிவிட்டு இவ்வாறு எழுதினோம்:

"இன்று காலை 10.40 மணிக்குத் தாங்கள் அனுப்பிய பரிசோதனை அறிக்கை தவறுதலாக எங்களுக்கு வந்துள்ளது. இணைப்பைத் திறக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. உரியவருக்குச் சரியான முகவரியில் அனுப்புங்கள். எங்களிடம் உள்ளதை அழித்துவிடலாமா எனத் தெரிவியுங்கள்."

"அந்த வீட்டாரை நமக்குத் தெரியுமே, நாமே அனுப்பிவிட்டால் என்ன?" என்று வீட்டில் ஒருவர் கேட்டார். நல்லெண்ணம்தான். ஆனால் அதே பெயரில் வேறொருவர் இருக்கலாம். அப்படியானால் தவறு இரட்டிப்பாகும். அவரே ஆனாலும், தம் அறிக்கை அண்டை வீட்டாரிடம் வந்தது என்பதே அவர் மனத்தை வருத்தும். உரியவர் யார் என்பதை உறுதிசெய்ய வல்லவர் அனுப்பியவரே.

மறுநாள், அழித்துவிடுமாறு பதில் வந்தது. ஜிமெயிலில் அழித்த மடல் குப்பைப் பெட்டியில் 30 நாள்கள் தங்கியிருக்கும். ஆதலால் அங்கிருந்தும் நீக்கினோம். கைப்பேசியில் கோப்பு இறங்கியுள்ளதா என்றும் பார்த்தோம். பின்னர் "அழித்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுதினோம். பதில் வராமலிருந்தாலோ, பதில் ஏற்காத தானியங்கி முகவரியாக இருந்தாலோ, அவர்களின் இணையதளத்திலுள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லலாம்.

பெட்டியிலிருந்து அழிந்த பின்னும் நினைவில் ஒரு பெயர் எஞ்சுகிறது. நிக்காஹ் பேச்சு நடக்கும் வீட்டில், "அந்தப் பெண் ஏதோ பரிசோதனை செய்துகொண்டாளாம்" என்ற ஒரு சொல்லே போதும். அச்சொல்லை நாவில் வராமல் காப்பதும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததே.