வாங்கிய லாபமும் ஈட்டிய லாபமும்

ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குகிறது. வாங்கப்பட்டது அதுவரை சேர்த்து வைத்திருந்த ரிசர்வ் எங்கே போகிறது? ஆண்டறிக்கைகளைப் புரட்டும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைச் சீண்டும். எத்தனையோ வருடத்துச் சேமிப்பு அது. ஆனால் ஒருங்கிணைந்த அறிக்கையின் ரிசர்வ் வரியில் அதில் ஒரு ரூபாய்கூடத் தலைகாட்டுவதில்லை. கொடுத்த விலைக்குள் கரைந்துவிடுகிறது. விலை மிஞ்சினால் அதற்குப் பெயர் குட்வில்.

குட்வில் என்றதும் எனக்கு 1810-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு ஞாபகம் வரும். சரக்கு வண்டித் தொழில் செய்த ஒருவர் நொடித்துப் போக, அந்தத் தொழில் குட்வில்லோடு சேர்த்து விற்கப்பட்டது. கொஞ்ச காலம் கழித்து அந்த மனிதரே அதே தொழிலை மறுபடி தொடங்கிவிட்டார். வாங்கியவர் கொதித்துப்போய் நீதிமன்றம் போனார். நீதிபதி எல்டன் பிரபு தடை விதிக்க மறுத்தார். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே வரக்கூடும் என்ற வாய்ப்புக்கு மேல் குட்வில்லில் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. வாங்கியவர் பாவம்தான். ஆனாலும் எல்டனின் குட்வில்லில் மனிதர்கள் இருந்தார்கள்: பழக்கதோஷத்தில் பழைய வாசலுக்கே வருகிறவர்கள். இன்றைய ஒருங்கிணைந்த கணக்கில் வாடிக்கையாளரை யாரும் எண்ணுவதில்லை. அங்கே குட்வில் ஒரு கழித்தலின் மிச்சம், அவ்வளவே.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு துணை நிறுவனத்தின் பங்கு மூலதனம் 10 லட்சம். 2023 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் 6 லட்சம். அந்த நிதியாண்டின் லாபம் 4 லட்சம், மாதாமாதம் சமமாக வந்தது என்று வையுங்கள். அக்டோபர் 1-ல் தாய் நிறுவனம் 80 சதவீதப் பங்குகளை 20 லட்சத்துக்கு வாங்குகிறது. சொத்துகளின் புத்தக மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்றே. வாங்கிய அன்று துணை நிறுவனத்தில் இருப்பது 10, 6, அரையாண்டு லாபம் 2. ஆக 18 லட்சம். அதில் 80 சதவீதம் 14.4 லட்சம். கொடுத்தது 20. மிச்சம் 5.6 லட்சம்தான் குட்வில். வாங்கிய பிறகு வந்த 2 லட்சத்தில் தாயின் பங்கான 1.6 லட்சம் மட்டுமே குழுமத்தின் ரிசர்வுக்குப் போகும். காய்த்து நிற்கும் தென்னந்தோப்பை விலை பேசி வாங்கியவர், மரத்தில் அன்று இருந்த காயை முதல் வருட மகசூலில் சேர்க்கலாமா? காசு கொடுத்து வாங்கியதை ஈட்டியதாகச் சொல்லக்கூடாது, நியாயம் அவ்வளவுதான்.

இந்த நியாயம் வழுக்குவது டிவிடெண்டில். வாங்கிய கையோடு, துணை நிறுவனம் பழைய ரிசர்விலிருந்து 1 லட்சம் டிவிடெண்ட் தருகிறது. தாய்க்கு 80 ஆயிரம் வருகிறது. பழைய ஏ.எஸ். 13 முறைப்படி அது வருமானம் ஆகாது. கொடுத்த விலையில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது, எனவே முதலீட்டில் கழிக்க வேண்டும். விலை 19.2 ஆகும், எதிர்ப்புறம் 18 லட்சம் 17 ஆகி, அதில் 80 சதவீதம் 13.6. மிச்சம் அதே 5.6. குட்வில் அசையவே இல்லை!

கழிக்காமல் வருமானத்தில் வைத்தால்? 20-லிருந்து 13.6 போக 6.4. குட்வில் 80 ஆயிரம் வீங்குகிறது, லாபமும் அதே 80 ஆயிரம் வீங்குகிறது. இதில் எனக்கு எரிச்சலூட்டுவது, இரு பக்கமும் பிசகாமல் டேலி ஆகிவிடும் என்பதுதான். டேலி ஆனாலே கணக்கு சரி என்று நம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புதிய இண்ட் ஏ.எஸ். 27 தாயின் தனி அறிக்கையில் இந்த டிவிடெண்டை வருமானமாகக் காட்டச் சொல்கிறது. ஆனால் ஒருங்கிணைக்கும்போது அது குழுமத்துக்குள் கைமாறிய பணம் என்று நீக்கப்பட்டு, குட்வில் மறுபடி 5.6-லேயே நிற்கும்.

அந்த ‘மாதாமாதம் சமமாக’ என்பதையும் சும்மா விடக்கூடாது. தீபாவளி வியாபாரத்தை நம்பும் கம்பெனிக்கு ஆண்டு லாபம் முழுதும் அக்டோபர், நவம்பரில்தான் வரும். அங்கே லாபத்தைப் பாதியாக வெட்டினால், ஈட்டியதில் பாதி வாங்கியதாகிவிடும். குட்வில் இருக்க வேண்டியதைவிடக் குறையும். வாங்கிய நாளுக்கென்று தனியாகக் கணக்கு முடிப்பதுதான் ஒழுங்கு.

பங்கு வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். குட்வில் வரியை இரண்டு வருடத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக எதையும் வாங்காமல், அந்நியச் செலாவணி மாற்றமும் முதல் வருட மதிப்புத் திருத்தமும் இல்லாமல் அது ஏறியிருந்தால், பொதுக்குழுவில் எழுந்து காரணம் கேளுங்கள்.