ஒற்றை ஜிமிக்கி சொல்லிக்கொடுத்த கணக்கு!

செங்கல்பட்டில் வீட்டின் முன் அறையிலேயே பியூட்டி பார்லர் நடத்துகிறார் அந்தப் பெண். முகூர்த்த சீசனில் மணப்பெண் மேக்கப்புக்கு வருபவர்கள், 'புடவையும் நீங்களே கட்டிவிடுவீங்களா, நகை செட் வாடகைக்குக் கிடைக்குமா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி, அதையும் செய்து பார்ப்போம் என்று 12,000 ரூபாய்க்கு ஒரு கெம்புக் கல் டெம்பிள் செட் வாங்கினார். நெற்றிச்சுட்டி, சூரியன் சந்திரன், ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் என எல்லாம் அதில் இருந்தன. வாடகை 2,500, டெபாசிட் 3,000 என்று வைத்தார்.

மூன்றாவது கல்யாணத்திலேயே சிக்கல் வந்தது. சாயந்திரம் திரும்பி வந்த பெட்டியில் ஒரு ஜிமிக்கி இல்லை. போனில் கேட்டபோது, ''காலையில நீங்கதானே போட்டுவிட்டீங்க? எங்களுக்கு எப்படித் தெரியும்?'' என்றார் மணப்பெண்ணின் சித்தி.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. விடியற்காலை மேக்கப் அறையில் பெட்டியைத் திறந்து நகையைப் பூட்டிவிட்டது இவர்தான். அந்த வீட்டில் யாரும் எண்ணி வாங்கவில்லை. ரிசப்ஷனுக்கு முன் அவசரமாகக் கழற்றியது யார் என்றும் தெரியவில்லை. டெபாசிட்டைப் பிடித்தால் சண்டை, ஊரில் பெயரும் கெடும். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நஷ்டம் அந்த ஒரு ஜிமிக்கியோடு நிற்கவில்லை. கடையில் ஒற்றையாகக் கிடைக்கவில்லை. ஜோடியாக வாங்கினால் கல்லின் சிவப்பு மற்ற நகைகளோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு நாள் கழித்து இருந்த அடுத்த புக்கிங்கும் கைவிட்டுப் போனது.

அதன்பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கையில் டெபாசிட் பணம் இருப்பது மட்டும் பாதுகாப்பு இல்லை. எந்த நிலையில் கொடுத்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால்தான் அந்தப் பணத்துக்கு அர்த்தம்.

இப்போது முதல் நாள் மாலையே நகையை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, திருகு எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கிறார். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்குகிறார். மணப்பெண்ணுக்கு அன்றைக்கு எதுவும் நினைவில் நிற்காது. அதனால் அக்காவோ, அத்தையோ ஒருவர் பொறுப்பேற்று எண்ணி வாங்க வேண்டும், அவரே எண்ணிக் கொடுக்கவும் வேண்டும். கல் விழுந்தால், கொக்கி உடைந்தால், நகை தொலைந்தால் எவ்வளவு பிடிப்பார் என்பதையும் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறார். ஒரு புக்கிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் பழுது பார்க்க ஒரு நாள் இடைவெளியும் விடுகிறார்.

புடவை விஷயத்தில் கதை தலைகீழ். அங்கே பொருள் வாடிக்கையாளருடையது, பொறுப்பு முழுக்க இவருடையது. முதல் நாளே பட்டுப் புடவையை வாங்கி, மடிப்பு வைத்து அயர்ன் செய்து தருகிறார். ஜரிகையில் பிளாஸ்டிக் இழை கலந்திருந்தால் சூட்டில் சுருங்கிவிடும். அதனால் இடுப்பில் செருகுகிற உள்முனையில் சோதித்துவிட்டு, மேலே பருத்தித் துணி போட்டுத்தான் தேய்க்கிறார். வாங்கும்போதே கறை, கிழிசல் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து அதையும் வீடியோவில் பதிகிறார்.

அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் மாமல்லபுரம். கடற்கரை ரிசார்ட் கல்யாணங்களில் வேலை வேறு மாதிரி. கடல் காற்று முந்தானையை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே பின்னில் பாரம் விழுந்தால் பட்டு கிழியும். அதனால் உள்பக்கம் சிறு துணித்துண்டு மடித்து வைத்து, இரண்டு மூன்று பின்களில் பாரத்தைப் பிரிக்கிறார். உப்புக் காற்றும் வியர்வையும் பட்ட முலாம் சீக்கிரம் கறுத்துவிடும். சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் நகை. திரும்பி வந்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போடுகிறார்.

அப்படி ஒரு கடற்கரைக் கல்யாணம் முடிந்து வந்த ஒட்டியாணத்தில் ஒரு கல் இல்லை. பெண்ணின் அத்தை பதறிப்போய், ''டெபாசிட்ல பிடிச்சுக்கோங்கம்மா'' என்றார். இவர் பழைய வீடியோவை ஓடவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார். கொடுக்கும்போதே அந்த இடம் காலி. அதற்கு முந்தைய கல்யாணத்தில் விழுந்ததைத் தானே கவனிக்காமல் விட்டிருக்கிறார்.

அங்கேயே நின்றுகொண்டு டெபாசிட் முழுவதையும் ஜிபேயில் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதமே அந்த அத்தையிடமிருந்து போன், அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு. அதற்கும் முதல் நாள் மாலை வெள்ளைத் துணி விரிந்தது. இந்த முறை வீடியோ எடுக்கும் முன்பே கல்லை ஒவ்வொன்றாக எண்ணினார்.