முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவே

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இயற்பியல் படிக்கிறவனுக்குக் கட்டுரை இலக்கணத்தில் என்ன வேலை என்று தமிழ்த்துறை நண்பர்கள் நகைக்கக்கூடும். எனக்கு வேறு வழியில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எவர்க்கு எந்தப் பாடத்தில் ஐயம் வந்தாலும் பஞ்சாயத்து என்னிடந்தான் வரும். இம்முறை வந்தது என் தம்பியின் தமிழ்த்தாள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அவன் எடுத்தது 100க்கு 33. தேர்ச்சிக்கு 35 வேண்டும். பொதுத்தேர்வில் தேறாவிட்டால் திருப்பூரிலுள்ள மாமாவிடம் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். இரண்டே மதிப்பெண்ணில் ஒருவன் வாழ்க்கை திசைமாறப் போகிறது.

விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தேன். கட்டுரைக்கு 8க்கு 2. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். பாவம், கை வலித்திருக்கும். நீர்நிலைகளைக் காப்பது பற்றிய கட்டுரை. முன்னுரை, நீரின் தேவை, நம் ஊர் நீர்நிலைகள், அழிவின் காரணங்கள், காக்கும் வழிகள், முடிவுரை என்று வினாத்தாளிலேயே குறிப்புகள் கொடுத்திருந்தார்கள். அதாவது கட்டடத்தின் எலும்புக்கூட்டை அவர்களே நிறுத்திவிட்டார்கள். செங்கல் வைப்பதுதான் மாணவன் வேலை.

தம்பியின் முன்னுரை பன்னிரண்டு வரி. ஆதிமனிதன் காட்டில் திரிந்ததில் தொடங்கி, அறிவியல் வளர்ந்து, விண்வெளிக்கு ஏவுகணை போய், கடைசி வரியில்தான் தண்ணீர் வந்தது. உரைநூலில் மனப்பாடம் செய்தது. இதே முன்னுரையை மரம் வளர்ப்புக்கும் வைக்கலாம், சாலைப் பாதுகாப்புக்கும் வைக்கலாம். நான் ஒரு சோதனை சொன்னேன். “தலைப்பைக் கையால் மூடிக்கொண்டு முன்னுரையை மட்டும் படி. இது எதைப் பற்றிய கட்டுரை என்று இரண்டாவது வரிக்குள் தெரிகிறதா?” அவன் மூடிப் படித்தான். “தெரியலேண்ணே. ஆனா முன்னுரை நீளமா இருந்தாத்தானே மார்க்கு?” என்றான்.

பொதுத்தேர்வில் நேரக் கணக்கு ஒன்றிருக்கிறது. எழுத 180 நிமிடம், மொத்தம் 100 மதிப்பெண். அப்படிப் பங்கிட்டால் 8 மதிப்பெண் கட்டுரைக்கு 14 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். யோசித்து ஒரு பக்கத்துக்குமேல் எழுத அது போதாது. ஒரு மதிப்பெண் வினாக்களில் மிச்சம் பிடித்து 25 நிமிடமாவது ஒதுக்க வேண்டும். அந்த 25-இல் எட்டு நிமிடத்தைப் பொருளே இல்லாத முன்னுரைக்குக் கொடுத்தால், மதிப்பெண் தரும் நடுப்பகுதி பட்டினி கிடக்கும். தம்பியின் தாளில் நடந்தது அதுதான். நீரின் தேவையை இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறான். நம் ஊர் நீர்நிலைகள் என்ற குறிப்பையே காணோம்.

ஆகவே முதல் நான்கு நிமிடம் விடை எழுதுவதற்கில்லை என்று வைத்துக்கொண்டோம். குறிப்பு ஒவ்வொன்றுக்கும் எதிரே, தனக்கு உண்மையாகத் தெரிந்த ஒரே ஒரு செய்தியைப் பென்சிலால் நாலைந்து சொல்லில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் குறிப்புக்கு எதிரே ஒன்றும் வரவில்லையோ, அங்கேதான் கட்டுரை ஓட்டையாகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். முன்னுரைக்கும் எதிரே ஒன்றும் எழுதக்கூடாது. அதைக் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். விருந்தில் என்ன கறி என்று தெரியாமல் இலை போட்டு அழைப்பது எப்படி?

தம்பிக்கு ஓட்டை விழுந்த இடம் அழிவின் காரணங்கள். பழைய தாளில் அந்தப் பத்தி இப்படி இருந்தது: மக்கள் நீர்நிலைகளை அழிக்கிறார்கள். ஆக்கிரமிப்பு செய்கிறார்கள். குப்பை கொட்டுகிறார்கள். இது மிகவும் தவறு. இதை அனைவரும் உணர வேண்டும்.

ஐந்து வாக்கியம், பிழை என்று அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் வாயிலில் தலைகாட்டிவிட்டு ஓடிவிடுகிறது. ‘எப்படி?’ என்று கேட்டால் எதற்கும் விடையில்லை. பத்தி என்பது ஒரு கருத்தைப் பிடித்து, அதற்குக் காரணம் காட்டி, கண்ணால் காணும் சான்று ஒன்று தந்து நிற்பது. நான் அவனிடம், “நம்ம கண்மாய் எப்படிக் கெட்டுச்சு?” என்றேன். அவன் விழித்தான். திண்ணையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“கண்மாய் எங்கடா கெட்டுச்சு? வரத்துக்காலு கெட்டுச்சு. காலை மூடிப் பாதை போட்டாங்க. மழை பேஞ்சாலும் தண்ணி வந்து சேரல. காஞ்ச கண்மாய்ல கருவை முளைச்சுச்சு. வந்த கொஞ்சத் தண்ணியும் வண்டல் மேடு தட்டிப்போனதால நிக்கல, சீக்கிரமே கலுங்கு தாண்டிப் போயிருச்சு.”

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் அப்பா. அவர் சொன்னதில் ஒரு பத்தியின் அமைப்பு முழுதும் இருந்தது. முதலில் கருத்து, பிறகு ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகும் வரிசை, கடைசியில் கண்ட விளைவு. தம்பி அதை எழுத்துநடையில் இறக்கினான். ‘கலுங்கு’ கொச்சைச் சொல்லோ என்று தயங்கினான். உபரிநீர் வழியும் இடத்துக்கு அதுதான் பெயர், துணிந்து எழுது என்றேன். அவன் எழுதியது:

“நீர்நிலையின் அழிவு அதன் கரையில் தொடங்குவதில்லை, அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தொடங்குகிறது. வரத்துக்கால் மூடப்பட்டால் மழை பெய்தும் கண்மாய் நிறைவதில்லை. வறண்ட கண்மாயில் சீமைக்கருவேல மரங்கள் அடர்கின்றன. தூர்வாராததால் வண்டல் படிந்து ஆழமும் குறைகிறது. அதனால் சிறிது நீர் வந்தாலும் தேங்காமல் கலுங்கு வழியே வீணாகிறது.”

இதுவும் ஐந்து வாக்கியந்தான். ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்தது நிற்காது. பழைய பத்தியில் எந்த வாக்கியத்தை எடுத்தாலும், இடம் மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. நல்ல பத்தியையும் நொண்டிப் பத்தியையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதிலும் ஓர் அபாயம் உண்டு. அப்பா தொடர்ந்து மடை திறந்த கதை, பங்குத்தண்ணீர்ச் சண்டை, கெண்டை மீன் பிடித்த கதை என்று இரவு பத்து மணிவரை சொன்னார். தம்பி அத்தனையும் எழுதத் தயாராகிவிட்டான். சுவையானது வேறு, தேவையானது வேறு. குறிப்பு அழிவின் காரணம். மீன் அதில் வராது. பத்திக்கு ஆறேழு வரி என்று கட்டுப்போட்ட பிறகுதான் நின்றான். (மீன் கதையைத் தனியே எழுது, நம் மலருக்கு அனுப்பலாம் என்று சமாதானம் சொன்னேன்.)

காக்கும் வழிகளுக்கு வந்தபோது, தம்பி வழக்கம்போல மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று தொடங்கினான். முந்திய பத்தியில் எந்தக் காரணத்துக்கு இது மருந்து என்று கேட்டேன். நோயைச் சொன்ன வரிசையிலேயே மருந்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? காரணம் வரத்துக்கால் என்றால் முதல் வழி அதை மீட்பது. அடுத்தது கருவேலத்தை வேரோடு அகற்றுவது, அதற்கடுத்துத் தூர்வாருவது. ஊரார் கூடித் தம் கண்மாயைத் தாமே செப்பனிடும் குடிமராமத்து என்ற பழைய வழக்கத்தை, 2017-இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டமாக மீண்டும் தொடங்கியதைச் சான்றாகச் சேர்த்துக்கொண்டோம். மரத்தையும் விட்டுவிட மனமில்லை அவனுக்கு. கரையில் பனை நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக் கரையைக் காக்கும் என்று காரணத்தோடு எழுதினான். அப்படி எழுதினால் மரம் வரலாம்.

இவ்வளவும் பென்சில் குறிப்பில் அமைந்தபின் முன்னுரை தானாக வந்தது. மூன்றே வாக்கியம்: “எங்கள் ஊரில் வீட்டுக்குழாய் வருவதற்கு முன்பு ஊருணியே குடிநீர் தந்தது. இன்று அந்த ஊருணியில் பாதி குப்பை, பாதி பாசி. நீர்நிலைகள் ஏன் அழிகின்றன, அவற்றை எவ்வாறு மீட்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.” ‘காண்போம்’ பழைய சரக்குதான். ஆனால் பின்னால் வரும் இரண்டு பகுதிகளின் பெயரைச் சொல்லிவிட்டு வருவதால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். குறள் ஒன்று சேர்க்கலாமா என்றான். பிழையின்றி வருமானால், நீரின் தேவை என்னும் பத்தியில் சேர். சீர் ஒன்று மறந்தாலும் சேர்க்காதே என்றேன்.

முடிவுரையில்தான் எங்கள் ஆய்வகம் கைகொடுத்தது. செய்முறைப் பதிவேட்டில் நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் முடிவு என்று ஒரு வரி எழுதுவோம். அட்டவணையில் இல்லாத அளவு அந்த வரியில் வந்தால் பேராசிரியர் பேனாவால் சுழித்துவிடுவார். தம்பியின் பழைய முடிவுரையில் கடல்நீரைக் குடிநீராக்க வேண்டும் என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. அதற்கு விளக்கம் எழுத நேரமில்லாமல் பாதி வாக்கியத்தில் மணி அடித்துவிட்டது. மேலே வராத எந்தப் பொருளும் முடிவுரையில் வரக்கூடாது என்றேன். அப்படியானால் சொன்னதையே திருப்பிச் சொல்வதா என்று கேட்டான். நியாயமான கேள்வி. திருப்பிச் சொல்வதன்று, சொன்னவை சேர்ந்து எங்கே கொண்டுவந்து விட்டன என்று காட்டுவது. ‘ஆகவே’ என்ற சொல்லை முன்னால் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதா என்பது எளிய சோதனை. பொருந்தியபின் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் சரி.

அவன் நான்கு முறை அடித்து எழுதினான். முதலில் எட்டு வரி, பிறகு ஐந்து, கடைசியில் இரண்டு வாக்கியம்: “வரத்துக்கால் திறந்திருந்தால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் ஊருணியும் கிணறும் ஊறும். ஊர் கூடி முதலில் வெட்ட வேண்டியது கண்மாயை அன்று, அதற்கு வரும் காலை.”

கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தம் 31 நிமிடம். இன்னும் ஆறு நிமிடம் குறைய வேண்டும். ‘வறண்ட’ என்பதில் இடையின ரகரம் போட்டிருந்தான், ‘கலுங்கு வழியே’ என்பதில் ழகரத்துக்கு ளகரம். படித்துத் திருத்த மூன்று நிமிடம் தனியே வேண்டுமென்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டான். நாளை மாலை வேறு தலைப்பு.