‘கிடைத்தது, நன்றி’

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார்கள். நான் பழைய படங்கள் சேகரிப்பது அவர்களுக்குத் தெரியும். ஒருநாள் அவர்களுடைய பேரன் செல்போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பினான். டீக்கடை முன்னால் ஒன்பது ஆண்கள். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. “ஆச்சியோட அப்பா இதுல நிக்காவளாம். எந்த வருசம்னு கேக்காவ, மாமா” என்று எழுதியிருந்தான்.

“கிடைத்தது, நன்றி. அருமையான படம்” என்று பதில் போட்டேன். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் ஆச்சி காலமானார்கள்.

அன்று இரவுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைப்பலகையில் எழுத்துகள் நேராக இருந்தன. ஆகவே இடம்வலம் மாறி அச்சான படமல்ல. பின்னால் பொதிகை மலைச்சரிவில் பாபநாசம் மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் குழாய்கள் கோடாகத் தெரிந்தன. அந்த மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1944இல். குழாய் பதிக்கும் வேலை அதற்குச் சற்று முன்பே நடந்திருக்கும். எனவே படம் 1940களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. பலகையில் விலை அணாவில் இருந்தது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. பழைய பலகையைச் சிலர் உடனே மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதற்கு வெகுகாலம் பிந்திய படமாக இருக்காது. மலை மேற்கே இருக்க, வெயில் முகங்களில் நேராக விழுந்ததால் நேரம் காலை. ராத்திரி ஷிப்டு முடித்து ஊர் மில்லிலிருந்து வந்தவர்கள் என்று சொல்ல மனம் துடித்தது. அதற்குப் படத்தில் ஆதாரம் இல்லை.

இவ்வளவும் முக்கால் மணி நேர வேலை. ஆச்சியிடம் ஏறக்குறைய பதினைந்து வருட இடைவெளியாகக் குறுக்கிச் சொல்லியிருந்தால், “அப்பா மில்லுல சேந்ததுக்கு முந்தியா பிந்தியா” என்று அவர்களே மேலும் நெருங்கியிருப்பார்கள். மற்ற எட்டுப் பேரில் யார் யாரென்று சொல்லக்கூடியவர்களும் அவர்கள் மட்டும்தான். படத்தின் உள்ளே அந்தப் பெயர்கள் இல்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் வராது.

இன்னொன்றும் கேட்கத் தவறினேன்: “பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.” பென்சில் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ அங்கேதான் இருக்கும். மறுவாரம் பேரனிடம் போனேன். ஆச்சியின் ஞாபகமாக வீட்டார் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் போட்ட கடைக்காரர் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டியிருந்தார்.

என் பதிலில் இருந்தது படம் என்னிடம் வந்து சேர்ந்த செய்தி மட்டும். படத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. ஆச்சி கேட்டது அதைத்தான்.