மஞ்சளாகிப் போன வெள்ளை ஷூ

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியில் ஒரு மழை பெய்தால் போதும், பிள்ளைகளின் வெள்ளை கேன்வாஸ் ஷூ சேற்று நிறத்துக்கு மாறிவிடும். அங்கே ஓர் அம்மாவுக்கு, முழுப்பரீட்சை வரை மகனின் ஷூ தாங்க வேண்டும்; புதிது வாங்க வழியில்லை. ரப்பர் ஓரம் மஞ்சளாகியிருந்ததால் பிளீச்சிங் பவுடரைக் கையிலெடுத்தார். “அது போட்டா இன்னும் மஞ்சளாகும்மா” என்று மாமியார் தடுத்தார்.

முதலில் பார்க்க வேண்டியது, அது அழுக்கா, ரப்பரே நிறம் மாறியதா என்பதை. பென்சில் அழிப்பானால் ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்தார். வெள்ளை தெரிந்தது, அப்படியானால் அழுக்குதான். கறுப்புக் கீறல்களும் அதிலேயே போயின.

பிறகு ஒரு ஸ்பூன் சமையல் சோடாவில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குழைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். நுரை துளியும் மிஞ்சாமல் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தார். சோப்பு மிஞ்சினால் காய்ந்ததும் துணியில் மஞ்சள் கறை விழும். வெயிலும் சூடும் ரப்பரை மஞ்சளாக்கும் என்பதால், நிழலில் காற்றாட உலர்த்தினார்.

குதிகால் பக்கம் மட்டும் எத்தனை தேய்த்தும் மஞ்சள் போகவில்லை. அங்கே ரப்பரே பழசாகிவிட்டது, கழுவினால் திரும்பாது. அந்த இடத்துக்கு மட்டும் ஷூ ஒயிட்னர் பூசினார். அடுத்த மழை வரை அது நிற்கும்.