படத்தின் பின்பக்கம்

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. இரட்டைச் சடையில் இரண்டு சிறுமிகள். குட்டையாக இருப்பவர் பாட்டி. மற்றவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பின்பக்கம் எழுதியிருந்த மை சுத்தமாக வெளுத்திருந்தது.

விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் படுக்கவைத்தாற்போல் பிடித்தேன். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பேனா அழுத்திய பள்ளங்களில் நிழல் விழும். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

‘தனுஷ்கோடி. கார்த்திகை, 1964. நானும் தங்கச்சியும்.’

அடுத்த மாதம், டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரே அழிந்துபோனது.

“லேமினேட் பண்ணித் தரட்டுமா பாட்டி?”

“வேணாம்டா. அக்கா எழுத்து கையில தட்டுப்படணும்” என்றபடி பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.